செய்திதான் காரணமா? கருத்துக்கணிப்பும் சோதனையும்

ஒரு பிரச்சினை முக்கியமானது என்று மக்கள் நினைக்க ஊடகச் செய்திதான் காரணமா? 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, சாப்பல் ஹில் என்ற ஊரில் இன்னும் முடிவெடுக்காத 100 வாக்காளர்களிடம் முக்கியப் பிரச்சினைகள் எவை என்று ஆய்வாளர்கள் மெக்கோம்ப்ஸும் ஷாவும் கேட்டார்கள். ஊடகங்கள் அதிக இடம் கொடுத்த பிரச்சினைகளின் வரிசையோடு வாக்காளர்களின் பதில் கிட்டத்தட்ட அப்படியே ஒத்துப்போனது. சரி, மக்களின் கவலையைப் பார்த்து ஊடகம் எழுதியிருந்தால்? கருத்துக்கணிப்பு இதற்குப் பதில் சொல்லாது.

அப்புறம் வந்த ஐயங்கார், கிண்டர் என்ற ஆய்வாளர்களின் குழு நடத்திய சோதனை அந்தப் பதிலைச் சொன்னது. தொலைக்காட்சிச் செய்தியைத் திருத்தி, ஒரு பிரிவினருக்கு மட்டும் ராணுவப் பலவீனம் பற்றிய செய்திகளைச் சேர்த்து சில நாட்கள் காட்டினார்கள். அவர்களிடம் பாதுகாப்பு பற்றிய கவலை கூடியது. காரணத்தை நிறுவ எனக்கு இதுவே வலுவான சான்று. ஆனால் வீட்டில் சேனலை மாற்றலாம், சோதனை அறையில் முடியாது. அன்றாடத் தாக்கத்தை அறிய ஊருக்குள் போய்க் கேட்கத்தான் வேண்டும்.