தாளம் ஓரிடம், பாட்டு ஓரிடம்: வீடியோ மாற்றக் கொடுக்குமுன் படியுங்கள்

திருவையாற்றில் இருக்கும் என் அத்தை வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வீடியோ காலில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறார். ஒரு வகுப்பை போனிலேயே ஸ்கிரீன் ரெக்கார்டு செய்தேன். சரியாக 40 நிமிடம். டிவியில் ஓடும்படி மாற்றித் தரச் சொல்லி கும்பகோணத்தில் ஒரு வீடியோ கடையில் கொடுத்தேன். 600 ரூபாய்.

வந்த ஃபைலில் முதல் பாட்டு சரி. போகப் போக ஆதி தாளம் போடும் கை முந்தியது. கடைசியில் அத்தை காபி குடிக்கிறார், குரல் இன்னும் சரணம் பாடுகிறது. அப்புறம் படம் உறைந்து, 48 விநாடி வெறும் குரல் மட்டும்.

திருப்பிக் கொண்டுபோனால் கடைக்காரர் ஆடியோவை மொத்தமாக நகர்த்தினார். முடிவு பொருந்தியது, தொடக்கம் கெட்டது. அடுத்து 400 ரூபாய் வாங்கிக்கொண்டு குரலையே கொஞ்சம் வேகமாக்கினார். அத்தை கேட்டதும், "என் சுருதி எங்கடா போச்சு?" என்றார். நடுவில் தாளம் அப்போதும் சேரவில்லை. "உங்க மைக்தான் சார் மட்டம்" என்று முடித்துவிட்டார் கடைக்காரர்.

மைக்கில் கோளாறு இல்லை. போனில் இருந்த அசலை விஎல்சியில் ஓட்டினேன், கடைசிவரை பொருந்தியது. ஃபைலின் விவரம் காட்டும் MediaInfo-வில் திறந்தால் Frame rate mode என்ற இடத்தில் Variable என்று இருந்தது, அதாவது விநாடிக்கு இத்தனை படம் என்ற கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். சராசரி விநாடிக்கு 29.4 ஃபிரேம். நெட் தளர்ந்த இடங்களில் போன் குறைவான ஃபிரேம்களைத்தான் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமும் எப்போது வர வேண்டும் என்ற நேரக்குறிப்பு அசலில் உண்டு. கடையின் மென்பொருள் அதைப் பார்க்காமல், எல்லாவற்றையும் விநாடிக்கு 30 என்று வரிசையாக அடுக்கிவிட்டது. 2400 விநாடிக்கு 70,560 ஃபிரேம். 30-ஆல் வகுத்தால் 2352. அந்த 48 விநாடி போன வழி இதுதான். ஆனால் அது சீராகக் குறையவில்லை, நெட் படுத்த இடங்களில் மட்டும் குறைந்தது. அதனால்தான் நகர்த்தினாலும் இழுத்தாலும் நடுப்பகுதி சேரவில்லை.

கெட்டுப்போன ஃபைலில் அந்த நேரக்குறிப்புகள் இருக்காது. அதை ஒட்டுப்போடுவது வீண். நல்லவேளை, அசலை நான் அழிக்கவில்லை. அதிலிருந்து ffmpeg என்ற மென்பொருளில் இந்தக் கட்டளை கொடுத்து மாற்றினேன்:

```
ffmpeg -i class.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 18 -c:a copy class30.mp4
```

இது நேரக்குறிப்பைப் பார்த்து, ஃபிரேம் இல்லாத இடத்தில் முந்தையதையே திரும்ப வைக்கும், மிகுந்த இடத்தில் ஒன்றை விடும். குரலைத் தொடாது. படமும் குரலும் 40 நிமிடம் வந்தன, தாளம் சேர்ந்தது. அசலே ஓடும்போது விலகினால் இது உதவாது, அது வேறு கோளாறு.

கடையில் வாங்கும்போது முதல் நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டுக் காசு கொடுக்காதீர்கள். நடுவிலும் கடைசியிலும் ஓட்டச் சொல்லுங்கள்.

பணத்தைக் கேட்டேன். 200 கொடுத்தார். மீதியை அடுத்த வேலையில் கழித்துக்கொள்ளலாமாம். அடுத்த வேலையா!