ஒரே ஒரு ஆம்/இல்லை மாறி, ஒரு ஆட்ஸ் ரேஷியோ: சாம்பிள் சைஸுக்கு எந்தக் கணக்கு?

லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்று பெயர் வைத்தாலே ஏதோ பெரிய கணக்கு என்று தோன்றிவிடுகிறது. ஆனால் மாடலில் இருப்பது ஒரே ஒரு மாறி, அதுவும் ஆம்/இல்லை மட்டும்தான் என்றால், உள்ளே இருப்பது நாலு கட்டம் கொண்ட சாதாரண அட்டவணைதான். மாடல் தரும் ஆட்ஸ் ரேஷியோவும் அந்த அட்டவணையைக் குறுக்கே பெருக்கி வகுத்தால் வருவதும் ஒன்றே. அப்படியிருந்தும் சாம்பிள் சைஸ் கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள், அதில் பல எண்கள் அவரவர் அளவில் நியாயமானவையும்கூட. ஏன் வேறுபடுகின்றன என்று ஒரே உதாரணத்தை வைத்துப் பார்த்துவிடலாம்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு காயத்தில் தொற்று வருகிறதா என்பது கேள்வி, சர்க்கரை நோய் உண்டா இல்லையா என்பது மாறி. எண்கள் எல்லாம் கணக்குக்காக நானே வைத்தவை: சர்க்கரை இல்லாதவர்களில் 10% பேருக்குத் தொற்று, கண்டுபிடிக்க விரும்பும் ஆட்ஸ் ரேஷியோ 2, சேரும் நோயாளிகளில் 20% பேருக்குச் சர்க்கரை. இருபக்க 5% அளவு, 80% பவர். ஆட்ஸ் இரண்டு மடங்கு என்றால் தொற்று 20% ஆகிவிடும் என்று நினைத்துவிட வேண்டாம்; 1/9 என்ற ஆட்ஸ் 2/9 ஆகிறது, அதைச் சதவீதமாக்கினால் 18.2% தான்.

முதல் வழி, இரண்டு விகிதங்களை ஒப்பிடும் பழைய சூத்திரம். ஷே, பிளாக், லார்சன் மூவரும் 1998-இல் லாஜிஸ்டிக் ரிக்ரெஷனுக்கு, ஆம்/இல்லை மாறி என்றால் பயன்படுத்தச் சொன்னதும் இதைத்தான். இரண்டாவது வழி, ஆட்ஸ் ரேஷியோவின் லாகரிதத்தை எடுத்து, அதன் வேரியன்ஸை வைத்துக் கணக்குப் போடும் வால்ட் வழி. இரண்டையும் ஆர் மொழியில் போட்டால் இவ்வளவுதான்:

```r
p0 <- 0.10; OR <- 2; B <- 0.2
p1 <- OR*p0 / (1 - p0 + OR*p0)
za <- qnorm(0.975); zb <- qnorm(0.80)
P  <- (1-B)*p0 + B*p1
n1 <- (za*sqrt(P*(1-P)/B) +
       zb*sqrt(p0*(1-p0) + p1*(1-p1)*(1-B)/B))^2 /
      ((p1-p0)^2 * (1-B))
n2 <- (za+zb)^2 * (1/((1-B)*p0*(1-p0)) +
       1/(B*p1*(1-p1))) / log(OR)^2
ceiling(c(n1, n2))
```

முதல் வழி 825 பேர் கேட்கிறது, வால்ட் வழி 776 பேர் போதும் என்கிறது. சரி, வால்ட் எப்போதும் கொஞ்சம் தாராளமாக விட்டுவிடும் போல என்று முடிவுகட்டத் தோன்றும். `B`-ஐ 0.5 ஆக்கிப் பாருங்கள்: 566, 583. இப்போது வால்ட் அதிகம் கேட்கிறது. 0.8 ஆக்கினால் இன்னும் விலகிப்போய் 928, 1045 என்று வருகிறது. ஆகவே எது பெரிய எண் தரும் என்பது, இரண்டு பிரிவுகளில் எது சிறியது என்பதைப் பொறுத்தது.

காரணம் இதுதான். லாகரித அளவில் ஒவ்வொரு பிரிவும் தன் பங்குக்கு ஒரு வேரியன்ஸைக் கொண்டுவருகிறது, ஆட்கள் குறைவாக உள்ள பிரிவுதான் அதில் பெரும்பங்கு, அந்தப் பிரிவில் தொற்று அரிதாக இருந்தால் இன்னும் மோசம். சர்க்கரை உள்ளவர்கள் 20% என்றால் ஆள் குறைந்த பிரிவில் தொற்று 18.2%, அதனால் வால்ட் கணக்குக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள் 80% என்றால் ஆள் குறைந்த பிரிவு மற்றவர்கள், அங்கே தொற்று 10% தான், இறுகிவிடுகிறது. முதல் வழியோ, எந்த எல்லையைத் தாண்டினால் வித்தியாசம் உண்டு என்று சொல்வது என்பதை முடிவுசெய்யும்போது, இரண்டு பிரிவுக்கும் ஒரே விகிதம் என்று வைத்துக்கொள்கிறது: முதல் நிலையில் 11.6%, கடைசி நிலையில் 16.5%. அதனால்தான் அது முதல் நிலையில் இறுக்கம், கடைசி நிலையில் தளர்வு.

என் தேர்வு முதல் வழி. வால்ட் சொன்ன 776 பேரை எடுத்துவிட்டு, ஆய்வு முடிந்ததும் திருத்தம் இல்லாத கை-ஸ்கொயர் போட்டால் பவர் சுமார் 78% தான் நிற்கும். அதிலொன்றும் பேரிழப்பு இல்லை, ஆனால் எழுதிக் கொடுத்தது 80%. ஆனால் முதல் வழியை எடுத்தால் டெஸ்டும் அதற்குப் பொருந்த வேண்டும். `summary(glm(...))` அச்சிடும் பி-மதிப்பு வால்ட் டெஸ்ட்டுடையது, கை-ஸ்கொயருடையது அல்ல. அந்த glm மாடலை `m` என்று வைத்து `anova(m, test = "Rao")` கொடுத்தால் அட்டவணையின் கை-ஸ்கொயர் அப்படியே வரும். வால்ட் பி-மதிப்பைத்தான் வெளியிடப் போகிறீர்கள் என்றால் சூத்திரத்தை நம்பாமல், அதே எண்களில் சில ஆயிரம் போலித் தரவுகளை உருவாக்கி எத்தனை தடவை 0.05-க்குக் கீழே வருகிறது என்று எண்ணிவிடுவது நல்லது. வால்ட் சூத்திரம் ஸ்டாண்டர்ட் எரரை நிலையான ஒன்றாக எடுத்துக்கொள்கிறது, நிஜத்தில் அது மதிப்பீட்டோடு சேர்ந்து ஆடும்.

இந்த 49 பேர் சண்டையெல்லாம் சின்ன விஷயம். உண்மையில் ஆய்வைக் கவிழ்ப்பது மூன்றாவது வழி, யாரும் தெரிந்து எடுக்காத வழி: தொடர் மாறிக்கான சூத்திரத்தை ஆம்/இல்லை மாறிக்குப் போட்டுவிடுவது. சாம்பிள் சைஸ் கணக்கிடும் மென்பொருளான ஜி-பவரில் `X distribution` என்ற இடத்தில் `Normal` இருந்தால், அங்கே கொடுக்கும் ஆட்ஸ் ரேஷியோ 2 என்பது மாறி ஒரு ஸ்டாண்டர்ட் டீவியேஷன் நகர்ந்தால் வரும் விளைவு என்று அர்த்தமாகிவிடும் (மீன் 0, டீவியேஷன் 1 என்று விட்டிருந்தால்). அதற்கான எளிய சூத்திரத்தில் நம் எண்களைப் போட்டால் 182 பேர் போதும் என்று வரும். 825 எங்கே, 182 எங்கே! `Binomial` தேர்ந்தெடுத்து, `X parm π`-இல் 0.2 கொடுக்க வேண்டும். கையிலிருக்கும் அறிக்கையில் எது நடந்தது என்று கண்டுபிடிப்பதும் சுலபம்: மாறி ஆம்/இல்லை, ஆனால் எத்தனை சதவீதம் பேர் ஆம் என்பது சாம்பிள் சைஸ் பத்தியில் எங்குமே இல்லை என்றால், அந்த எண்ணைச் சந்தேகியுங்கள்.

அப்புறம், ஒரு மாறிக்குப் பத்து நிகழ்வுகள் என்ற விதி. நம் உதாரணத்தில் பத்து தொற்று என்றால் 100 பேருக்கும் குறைவு. இரண்டு பிரிவையும் சமமாகவே பிரித்து 100 பேர் எடுத்தாலும், ஆட்ஸ் ரேஷியோ சரியாக 2 வந்தாலும், 95% இடைவெளி சுமார் 0.6 முதல் 6.4 வரை பரந்து கிடக்கும். மதிப்பீடு கோணலாகாமல் பார்த்துக்கொள்ள வந்த விதி அது, பவரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இவற்றையெல்லாம் விட எண்ணை ஆட்டுவது அந்த 10%. சர்க்கரை இல்லாதவர்களிடம் தொற்று நிஜத்தில் 5% தான் என்றால், மற்றதெல்லாம் அப்படியே இருக்க, முதல் வழி 825-இலிருந்து 1487-க்குத் தாவுகிறது, வால்ட் 1378-க்கு. சூத்திரத்துக்குச் சூத்திரம் வித்தியாசம் நூற்றுச் சொச்சம், அடிப்படை விகிதம் தவறினால் அறுநூறுக்கு மேல். எனவே கமிட்டிக்குக் கொடுக்கும்போது ஒரு எண்ணை மட்டும் கொடுக்காமல் 5%, 7.5%, 10% மூன்றுக்கும் போட்டுக் காட்டுவேன். பவரே வேண்டாம், ஆட்ஸ் ரேஷியோவைத் துல்லியமாகச் சொன்னால் போதும் என்பவர்களுக்கு வேறு கணக்கு இருக்கிறது: இடைவெளியின் மேல் எல்லை மதிப்பீட்டின் 1.5 மடங்குக்குள் நிற்க வேண்டும் என்றால், 10% அடிப்படையில் 1110 பேர் தேவை. 825 பேரில் அந்த மேல் எல்லை 3.2 வரை போகும்.