ஒரு செம்பனைக்கு எத்தனை முக்கோணம்? பழைய கைப்பேசியில் மூன்று வழிகள்

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். அதற்குள் நடந்து போகிற மாதிரி ஒரு சின்ன முப்பரிமாண விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன். சோதனைக்கு லயத்துப் பிள்ளைகளிடம் உள்ள 2 ஜிபி ரேம் கைப்பேசிகள்தான் கிடைக்கும். லய வீடு, கோயில், லாரி எல்லாம் ஒன்றிரண்டு என்பதால் அவற்றில் சிக்கல் இல்லை. மரங்கள்தான் ஆளைக் கொன்றன. விளையாட்டில் எந்த உருவமும் சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனது, அவை கூடக் கூடக் கைப்பேசி திணறும்.

செம்பனையை 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுவார்கள் (நடவிலும் முக்கோணம், மாடலிலும் முக்கோணம்!). ஒரு ஹெக்டருக்கு ஏறக்குறைய 143 மரம். கேமரா 60 பாகை அகலத்தில் 150 மீட்டர் வரை பார்த்தால் சுமார் 168 மரங்கள் கண்ணில் படும். நான் முதலில் வரைந்த மரம் 6,000 முக்கோணம். மொத்தம் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். மரங்களுக்கு நான் ஒதுக்கிய பட்ஜெட்டோ 30,000.

முதல் வழி, எல்லா இடத்திலும் ஒரே எளிய மரம். 400 முக்கோணத்தில் செய்தால் மொத்தம் 67,200 ஆகிறது. பட்ஜெட்டுக்கு இரண்டு மடங்குக்கு மேல், பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் அட்டை மரம். தூரத்தில் இன்னொரு நஷ்டமும் உண்டு. கிராபிக்ஸ் சில்லு திரைப் புள்ளிகளை இரண்டுக்கு இரண்டாகச் சேர்த்தே கணக்கிடுகிறது. ஒரு முக்கோணம் ஒரே புள்ளி அளவுக்குச் சுருங்கினாலும் நான்கு புள்ளிக்கான வேலை நடக்கும். இந்த வழியை நான் சீக்கிரமே கைவிட்டேன்.

இரண்டாவது, மூன்று படி எல்ஓடி, அதாவது தூரம் கூடக் கூட எளிய மரமாக மாற்றுவது. 15 மீட்டருக்குள் 2,400 முக்கோண மரம், 40 வரை 600, அதற்கப்பால் 120. அருகில் இருப்பது இரண்டே மரம், நடுவில் பத்து, மிச்சம் 156. கூட்டினால் 29,520. பட்ஜெட்டுக்குள் மயிரிழையில் அடங்கியது.

மூன்றாவது, 40 மீட்டருக்கு அப்பால் மரத்துக்குப் பதில் படம் ஒட்டிய இரண்டு அட்டைகளைக் குறுக்காக நிறுத்துவது. மரத்துக்கு 4 முக்கோணம்தான். மொத்தம் 11,424. தாளில் இதுவே வெற்றி. விளையாட்டை அப்படியே கட்டிப் பிள்ளைகளின் போனுக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பக்கத்து வீட்டுத் தம்பி வந்து நின்றான்: “அண்ணே, போன் சூடாயிடுச்சு, படம் இழுக்குது.”

காரணம் முக்கோணம் இல்லை. அட்டையில் ஓலைக்கு வெளியே உள்ள வெற்றுப் பகுதியை ஆல்பா டெஸ்ட் செய்து, அதாவது ஒவ்வொரு புள்ளியும் வெறுமையா என்று பார்த்து, வெட்டுகிறோம். புள்ளியின் நிறத்தைக் கணக்கிடும் ஷேடர் ஓடும் வரை ஒரு புள்ளி இருக்குமா போகுமா என்று சில்லுக்குத் தெரியாது. அதனால் பின்னால் மறைந்திருப்பதை முன்கூட்டியே ஒதுக்குகிற வசதி பெரும்பாலும் போய்விடுகிறது. மலிவுக் கைப்பேசிகளில் இருக்கிற மாலி, பவர்விஆர் போன்ற சில்லுகளில் இந்த இழப்பு நன்றாகவே தெரியும். வரிசைக்குப் பின் வரிசையாக அட்டைகள் நின்றால், ஒரே புள்ளிக்கு மறுபடி மறுபடி வேலை.

இதை உறுதிப்படுத்த ஒரு எளிய வழி உண்டு. நான் பயன்படுத்தும் விளையாட்டு எஞ்சின் யூனிட்டி. அதன் யுஆர்பி வரைகலை அமைப்பில் Render Scale-ஐ 0.5 ஆக்கி, வரையும் புள்ளிகளைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். வேகம் சட்டென்று ஏறினால் சுமை புள்ளிகளில் இருக்கிறது. அப்படியே இருந்தால் முக்கோணத்தையோ, வரையச் சொல்லி சில்லுக்குப் போகும் டிரா கால்களையோ தேட வேண்டும். என் விளையாட்டில் ஏறியது.

அதனால் 120 முக்கோண மரத்துக்கே திரும்பினேன். தண்டு நான்கு பக்கம், 8 முக்கோணம். ஓலை 14, ஒவ்வொன்றுக்கும் 8. ஓலையின் வடிவத்தையே வெட்டி வரைந்ததால் ஆல்பா தேவையில்லை. நிஜ மரத்தில் 40 ஓலை வரை இருக்கும். பதினான்காகக் குறைத்ததும் தலை மொட்டையாகி, படி மாறும் இடத்தில் காடே ஒரு துள்ளு துள்ளியது. ஒவ்வோர் ஓலையையும் அகலமாக்கி, கொண்டையின் வெளிக்கோடு பழைய மரத்தோடு பொருந்தும்படி செய்ததும் துள்ளல் அடங்கிவிட்டது. படிகளைப் புள்ளிபுள்ளியாகக் கரைத்து மாற்றும் வசதியை நான் போடவில்லை. அதுவும் புள்ளிகளை வெட்டித்தான் வேலை செய்கிறது.

அட்டையை முழுக்கத் தூக்கி எறியவும் இல்லை. 90 மீட்டருக்கு அப்பால் பத்து மரத்துக்கு ஒரே நீள அட்டை வைத்தேன். 40க்கும் 90க்கும் நடுவே 49 மரம். எல்லாம் சேர்த்து 16,700 முக்கோணம் போல வருகிறது. நடப்பவன் கண்மட்டத்தில் பார்ப்பதால்தான் இது செல்லும். டிரோன் பார்வை வைத்தால், மேலிருந்து அட்டையின் விளிம்பு அம்பலமாகிவிடும்.

கடைசியாக ஒன்று. யூனிட்டியின் LODGroup மீட்டரைப் பார்ப்பதில்லை, திரையில் மரம் எவ்வளவு உயரம் என்று பார்க்கிறது. அதைத் தர அமைப்பில் உள்ள lodBias என்ற எண்ணால் பெருக்கவும் செய்கிறது. கணினியில் ஒரு தரம், கைப்பேசியில் வேறு தரம் இருந்தால் படி மாறும் தூரமும் வேறாகும். எடிட்டரில் பார்த்த தூரமே கைப்பேசியிலும் வர, இரண்டு இடத்திலும் ஒரே எண்ணை வைத்துவிட்டேன்:

```csharp
QualitySettings.lodBias = 0.7f;
```

இதைவிடக் குறைத்தால் கைக்கெட்டும் மரத்துக்கே 600 முக்கோண வடிவம் வந்துவிடுகிறது. பிள்ளைகள் குலையைத் தேடி மரத்தடிக்கே போகிறார்கள், உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.