எம்1 மேக்: ஒரு பழைய ப்ளகின் படுத்தும் பாடு

கீழக்கரையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர், பழைய எம்1 மேக் விலை நன்றாக இறங்கிவிட்டது, வாங்கலாமா என்று கேட்டார். ராமநாதபுரத்தில் எங்கள் ஆல்பம் வேலையெல்லாம் அதில்தான் ஓடுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எம்1 இன்டெல் சிப் அல்ல, ஆர்ம் வகையில் ஆப்பிளே வடிவமைத்தது. இன்டெல்லுக்காக எழுதிய பழைய மென்பொருளை ஆப்பிளின் மொழிபெயர்ப்பு மென்பொருளான ரொசெட்டா 2 அதில் ஓட வைக்கிற விதம் உண்மையிலேயே அபாரம். முதல் முறை திறக்கும்போது மொத்தத்தையும் ஆர்ம் கட்டளைகளாக மாற்றி டிஸ்கில் வைத்துக்கொள்கிறது, அந்த ஒரு தடவைதான் தாமதம். நினைவகத்தில் எழுதும் வரிசையில் இன்டெல் கறார், ஆர்ம் அப்படியில்லை. அந்த இன்டெல் வரிசையைப் பின்பற்றும் வசதியை ஆப்பிள் சிப்பிலேயே வைத்துவிட்டதால், மாற்றிய நிரல் அடிக்கடி நின்று சரிபார்க்க வேண்டியதில்லை. மென்பொருளைப் பொறுத்து மாறும் என்றாலும், நேரடி வேகத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கிடைக்கும்.

என் கோபம் வேறு இடத்தில். ராத்திரி நிக்காஹ் படங்களை ஐஎஸ்ஓ 6400-ல் எடுத்தால் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும், அதை நீக்க போட்டோ எடிட்டரோடு சேர்த்து நான் நம்பியிருக்கும் ப்ளகின் இன்டெல்லுக்கு மட்டும் உள்ளது, தயாரித்தவர்கள் கைவிட்டுவிட்டார்கள். ப்ளகின் எடிட்டரின் பிராசஸுக்குள்ளேயே ஏறி ஓடும், ஒரே பிராசஸில் இன்டெல், ஆர்ம் என இரண்டு வகை நிரலும் சேர்ந்து ஓட முடியாது. ஆகவே எடிட்டரை நேரடி ஆர்மில் திறந்தால் மெனுவில் ப்ளகினே இருக்காது. Get Info போய் Open using Rosetta டிக் செய்தால் அது வந்துவிடும், ஆனால் எடிட்டர் முழுவதும் மொழிபெயர்ப்பில் ஓடும். அந்த ஐந்தில் நான்கு கணக்கில் 40 நிமிட எக்ஸ்போர்ட் 50 நிமிடமாகிறது, அதில் நாய்ஸே இல்லாத பகல் படங்களும் அடக்கம்! ப்ளகினுக்கு இன்னும் மோசம்: 2024-ல் வந்த மேக்ஓஎஸ் செகோயாவுக்கு முன் ரொசெட்டாவில், கணக்குகளை வேகமாகப் போடும் இன்டெல்லின் ஏவிஎக்ஸ் கட்டளைகள் கிடையாது, அவற்றை நம்பி எழுதிய மென்பொருள் ஒன்று பழைய மெதுவான வழிக்குப் போகும், இல்லையென்றால் திறக்கவே திறக்காது.

இப்போது எடிட்டரை ஆர்மிலேயே வைத்துக்கொண்டு, இரவுப் படங்களை மட்டும் டிஃப் கோப்பாக எடுத்து அந்த ப்ளகினின் தனிச் செயலியில் போடுகிறேன். அது தனி பிராசஸ் என்பதால் மெதுவாவது அது மட்டும்தான். Activity Monitor-இல் Kind என்ற பத்தியைப் பார்த்தால் எது Intel, எது Apple என்று தெரியும். ஆனால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் இப்படிப் படங்களைப் பிரித்துச் சேர்ப்பது தனி வேலை.

நண்பரே, முதலில் ப்ளகின்கள் இருக்கும் ஃபோல்டருக்குப் போய், X இருக்கும் இடத்தில் ப்ளகினின் பெயரைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் டெர்மினலில் இதை அடியுங்கள்:

```
file X.plugin/Contents/MacOS/*
```

arm64 என்று எங்கும் இல்லாமல் x86_64 மட்டும் வந்தால் அது இன்டெல் ப்ளகின். மேக்ஓஎஸ் 27 வரைதான் ரொசெட்டா முழுமையாக இருக்கும், அதற்கப்புறம் சில பழைய கேம்களுக்காக ஒரு பகுதி மட்டுமே என்று ஆப்பிள் 2025-ல் சொல்லிவிட்டது. இவ்வளவு புகழ்ந்த பிறகும் சொல்கிறேன், அந்த ப்ளகின் இல்லாமல் உங்களுக்கு வேலை ஆகாது என்றால் வாங்காதீர்கள்.