கபடி ஸ்கோர் ஷீட்: ரெண்டு சீசன் யூஸ் பண்ணி பாத்ததுல தெரிஞ்சது

எங்க ஊர் டோர்னமெண்ட்ல ஸ்கோர் எழுதுறது காலேஜ் பசங்க, யாரும் ட்ரெய்னிங் எடுத்தவங்க இல்ல. பழைய ஷீட்ல ரெய்டுக்கு எத்தனை பாயிண்ட்னு மட்டும் எழுதுவோம், அதுலதான் பிரச்சனையே வந்துச்சு.

ஒரு மேட்ச்ல நடந்தத சொல்றேன். ஏ டீம்ல 4 பேரு, பி டீம்ல 6 பேரு கோர்ட்ல இருக்காங்க. ஏ ரெய்டர் போனஸ் லைன தாண்டிட்டு ரெண்டு பேர தொட்டுட்டு வந்துட்டாரு. மொத்தம் 3 பாயிண்ட், பையனும் 3னு கரெக்டா எழுதிட்டான். ஆனா போனஸுக்கு யாரும் அவுட்டும் ஆக மாட்டாங்க, நம்ம ஆளு உள்ளயும் வர மாட்டாரு. அப்போ பி 4, ஏ 6. பையன் மூணு பேரு அவுட்னு நினைச்சு பிக்கு 3னு கணக்கு வெச்சுக்கிட்டான். பி அடுத்து பாடிட்டு சும்மா திரும்பிட்டாங்க, அதுக்கடுத்து ஏ ரெய்டர் மாட்டினாரு. 4 பேரு கோர்ட்ல இருக்கும்போது புடிச்சா 1 பாயிண்ட்தான், ஆனா ஷீட்டுல 3 பேருன்னு இருந்ததால சூப்பர் டேக்கிள்னு 2 போட்டுட்டான். கடைசில ஒரு பாயிண்ட்ல மேட்ச் முடிஞ்சுது, பெரிய தகராறு.

அதுக்கப்புறம் ஷீட்ட மாத்தினேன். ஒரு ரெய்டுக்கு ஒரு வரி. ரெய்டர் உள்ள போறதுக்கு முன்னாடியே எதிர்ல எத்தனை பேரு நிக்கிறாங்கன்னு கண்ணால எண்ணி முதல் கட்டத்துல எழுதணும், மனக்கணக்கு கூடவே கூடாது. அப்புறம் ரெய்டர் நம்பர், போனஸுக்கு டிக், அவுட்டான டிஃபெண்டர் நம்பர், ரெய்டர் புடிபட்டு அவுட்டா இல்ல தானா அவுட்டா. பாயிண்ட் கட்டமே இல்ல, அத ரெண்டாவது ஆளு கூட்டிக்குவாரு. டச்சு, டேக்கிள், சூப்பர் டேக்கிள் எல்லாம் எழுதவே வேணாம், 3 பேரோ கம்மியாவோ நிக்கும்போது ரெய்டர் புடிபட்டு அவுட்னா சூப்பர் டேக்கிள்னு தானா தெரிஞ்சுரும்.

இதுல நான் ரொம்ப நம்புறது அந்த முதல் கட்டம்தான். எண்ணினதும் போன வரில இருந்து வர வேண்டிய எண்ணிக்கையும் ஒத்து வரலன்னா ஒரு வட்டம் போட்டு உடனே அம்பயர்கிட்ட சொல்லிரணும், அப்பவே கேட்டா எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், பத்து ரெய்டு தள்ளி கேட்டா யாருக்கும் இருக்காது.

சும்மா திரும்புற ரெய்டுக்கும் வரி உண்டு, கோடு போடணும். முதல் சீசன்ல பசங்க அத விட்டுட்டாங்க, அதனால ரெண்டு எம்ப்டிக்கு அப்புறம் வர்ற டூ ஆர் டை ரெய்டு எதுன்னே தெரியாம போச்சு. ஆல் அவுட் ஆனா அந்த வரிக்கு கீழ தடிமனா ஒரு கோடு, ஆல் அவுட்டான டீமுக்கு எண்ணிக்கை மறுபடியும் 7ல ஆரம்பிக்கும், கூட்டுறவர் 2 சேத்துக்குவாரு.

இன்னமும் கஷ்டமா இருக்கிறது கும்பலா விழும்போது யார தொட்டாருன்னு பாக்குறதுதான். அதுக்கு ஒருத்தர் எழுத, இன்னொருத்தர் அம்பயர் கையையும் வெளிய போறவங்க முதுகு நம்பரையும் பாத்து சொல்லணும். வேர்வைல ஜெர்சி சுருண்டுட்டா அதுவும் தப்பும், அப்போ நம்பர் இடத்துல கேள்விக்குறி போட சொல்லிருக்கேன். ஊகிச்சு எழுதுற நம்பர விட அது எவ்வளவோ தேவல.