பில் போடும் மென்பொருளில் 24,000 ரூபாய் போனது: சாப்பாட்டுக் கடைக்காரர்கள் கவனத்துக்கு

மார்த்தாண்டம் பக்கம் சிறிய சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். பில் போடும் மென்பொருள் விற்கும் நிறுவனம் ஒன்று என்னிடம் 24,000 ரூபாய் வாங்கிக்கொண்டு தப்புக் கணக்கைக் காட்டி ஏமாற்றிவிட்டது. வயிறு எரிகிறது.

விற்க வந்த பையன் மத்தியானம் என் கடையிலேயே சாப்பிட்டான். "அக்கா, சரக்கு பில்லை எல்லாம் கொடுங்கள், ஒவ்வொரு கறிக்கும் லாபம் எவ்வளவு என்று காட்டுகிறேன்" என்றான். மீன், தேங்காய், மளிகை பில் கட்டை அவிழ்த்துக் கொடுத்தேன். அவனே உட்கார்ந்து விலைகளை ஏற்றினான். திரையில் உணவுச் செலவு விற்பனையில் 31 சதவீதம் என்று பச்சை நிறத்தில் வந்தது. அந்தப் பச்சையை நம்பித்தான் ஒரு வருடத்துக்கு 24,000 ரூபாயை மொத்தமாகக் கட்டினேன்.

விற்பனை நன்றாக இருந்தும் மீன்காரருக்குக் கொடுக்கப் பணம் போதவில்லை. அதனால் பழைய முறையில் நோட்டில் கணக்குப் போட்டேன். மாதத் தொடக்க இருப்பு 18,000, வாங்கியது 1,42,000. இரண்டையும் கூட்டி, மாதக் கடைசி இருப்பு 12,000-ஐக் கழித்தால் தீர்ந்த சரக்கு 1,48,000. விற்பனை 3,20,000. அப்படியென்றால் 46 சதவீதம்! 31 சதவீதம் என்றால் 99,200 ரூபாய்ச் சரக்குதானே தீர்ந்திருக்க வேண்டும்? மீதி கிட்டத்தட்ட 49,000 ரூபாய் அவர்கள் அறிக்கையில் எங்குமே இல்லை.

சூரை மீன் பொரியலைப் பிரித்துப் பார்த்ததும் விஷயம் பிடிபட்டது. கிலோ 200 ரூபாய், ஒரு துண்டு 120 கிராம், ஆகவே மீன் 24 ரூபாய் என்று போட்டிருக்கிறான். தலை, குடல், செதில் போனபின் தராசில் வைத்தேன். ஒரு கிலோவுக்கு 600 கிராம்தான் நின்றது. துண்டுக்கு உண்மையில் 40 ரூபாய். எண்ணெய், மசாலா 10 சேர்த்தால் 50. நான் விற்பதோ 100 ரூபாய்க்கு. அவன் காட்டிய செலவு 34, லாபம் 66. நிஜத்தில் செலவு பாதிக்குப் பாதி. கேஸும் கூலியும் அதற்கப்புறம். அதுமட்டுமில்லை, அந்த மென்பொருள் பில் போட்ட தட்டுகளை மட்டுமே எண்ணுகிறது. வேலைக்காரர்கள் சாப்பிட்டது, இரவில் கொட்டிய சாம்பார் எதுவும் அதில் ஏறாது.

போன் செய்தால் "புகார் பதிவாகிவிட்டது" என்கிறார்கள். மறுபடி கேட்டால் "பயிற்சிப் பிரிவு கூப்பிடும்". கடைசியில் ஒரு பெண், "அளவுகள் நீங்கள் கொடுத்தவைதானே, கட்டிய பணம் திரும்பாது" என்று வைத்துவிட்டார். ஏற்றியது அவர்கள் ஆள்! 24,000 ரூபாய், மீன் வெட்டிச் சம்பாதித்த பணம்.

எப்படிக் கணக்குப் பார்ப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. இவ்வளவு மட்டும்: வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். மீனையும் கோழியையும் சுத்தம் செய்தபின் எடை போட்டு விலை போடுங்கள். மாதக் கடைசியில் இருப்பை எண்ணாமல் எந்தச் சதவீதத்தையும் நம்பாதீர்கள். விற்க வருபவன் வாய்ப்பேச்சில் சொல்வதை எழுதி வாங்குங்கள். நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கப் போகிறேன்.