91 டெஸ்ட், நாலு பேருக்கு 5,600 ரூபாய்: பிரித்துப் பார்த்த கணக்கு

வீட்டில் நாலு பேர். எனக்கு 43, மனைவிக்கு 39, அம்மாவுக்கு 66, பையனுக்கு 14. வருடா வருடம் பொங்கல் முடிந்ததும் யாராவது ஒருவர் "ஒரு ஃபுல் பாடி செக்கப் எடுத்துடலாம்" என்று ஆரம்பிப்பார்கள், நானும் எந்த விளம்பரம் முதலில் கண்ணில் படுகிறதோ அதில் பணத்தைக் கட்டிவிடுவேன். இந்த வருடம் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிற மூன்று வழிகளை எடுத்து வைத்துக்கொண்டு, பழைய ரிப்போர்ட் ஃபைலையும் பக்கத்தில் விரித்து உட்கார்ந்தேன்.

முதல் வழி, ஆப்பில் பதிவு செய்தால் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகும் லேப். 91 டெஸ்ட், ஒருவருக்கு 1,999, இரண்டு பேருக்கு 3,200, நாலு பேருக்கு 5,600. இரண்டாவது, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையின் மாஸ்டர் ஹெல்த் செக்கப்: ஒருவருக்கு 3,800, கணவன் மனைவி சேர்ந்து வந்தால் 6,600. மூன்றாவது, தெரு முனை லேபில் வேண்டிய டெஸ்ட்டை மட்டும் உதிரியாக எடுப்பது.

முதலில் அந்த 91-ஐப் பார்த்துவிடலாம், ஏனென்றால் எல்லாரும் ஏமாறுவது அந்த எண்ணில்தான். சிபிசி என்கிற ரத்த அணுக்கள் டெஸ்ட் ஒன்றையே 24 என்று எண்ணியிருந்தார்கள். சிறுநீர் பரிசோதனை 14, அதில் நிறம் ஒன்று, தெளிவாக இருக்கிறதா கலங்கலாக இருக்கிறதா என்பது இன்னொன்று. கல்லீரல் 12, கொழுப்பு 9. இந்த நாலு டெஸ்ட்டிலேயே 59 வந்துவிட்டது. அதிலும் பல எண்கள் அளந்தவை இல்லை, கணக்குப் போட்டு எழுதியவை. கொழுப்பில் ஒரு வகையான விஎல்டிஎல் என்பது பெரும்பாலான லேபில் ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்த எண். குளோபுலின் என்பது மொத்தப் புரதத்தில் ஆல்புமினைக் கழித்தால் வருவது. சராசரி சர்க்கரை என்று தனி வரியில் போடுவது, மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி எண்ணையே வேறு அளவில் மாற்றி எழுதியது. தப்பில்லை, டாக்டருக்கு அவையும் பயன்படும். ஆனால் 91 டெஸ்ட்டையும் 72 டெஸ்ட்டையும் பக்கத்தில் வைத்து எது லாபம் என்று பார்ப்பதில் அர்த்தமே இல்லை, தலைப்பை மட்டும் எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் ஆப் லேபில் கிடைப்பது சிபிசி, சிறுநீர், சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, இரும்புச் சத்து, வைட்டமின் டி, பி12, அப்புறம் சில்லறையாக இரண்டு மூன்று. பதின்மூன்றைத் தாண்டாது.

எண்ணிக்கை கூடக்கூட இன்னொரு சிக்கலும் வரும். ரிப்போர்ட்டில் ஓரமாகப் போட்டிருக்கும் 'நார்மல்' அளவு பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 100 பேரில் 95 பேருக்குப் பொருந்தும்படி வகுத்தது. மிச்சம் ஐந்து பேருக்கு எந்த நோயும் இல்லாமலே எண் தடித்த எழுத்தில் வரும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 அளவுகளைப் பார்த்தால், ஒரு குறையும் இல்லாத மனிதருக்கும் ஏதாவது ஒன்று அளவு தாண்டி வர 64 சதவீத வாய்ப்பு. 40 அளவு என்றால் 87 சதவீதம். போன வருடம் எனக்கு அப்படித்தான், கல்லீரல் பட்டியலில் ஏதோ ஒரு நொதி இரண்டு புள்ளி கூட வந்தது, அதற்காக மறுபடி ரத்தம், ஒரு ஸ்கேன், ஒரு கன்சல்டேஷன். கடைசியில் ஒன்றும் இல்லை. செக்கப்புக்குக் கொடுத்ததைவிட அந்த ஒன்றுமில்லைக்குக் கொடுத்தது அதிகம்.

சரி, குடும்பத் தள்ளுபடிக்கு வருவோம். நாலு பேருக்கு 5,600 என்றால் தலைக்கு 1,400, பார்க்க மலிவுதான். ஆனால் எல்லாருக்கும் ஒரே பேக்கேஜ், ஒரே முகவரி, ஒரே நாள் காலை என்பது நிபந்தனை. அதாவது 14 வயதுப் பையனுக்கும் 66 வயது அம்மாவுக்கும் ஒரே பட்டியல். பையன் நன்றாகச் சாப்பிடுகிறான், மைதானத்தில் ஓடுகிறான், ஒரு தொந்தரவும் இல்லை. அவனுக்கு எதற்கு ஹெச்பிஏ1சியும் வைட்டமின் டியும்? உயரம், எடை, கண் பார்வை, பல் பார்த்தால் போதும், அது ரத்தம் எடுக்கிற வேலையே இல்லை. ஆகவே நாலாவது தலை போயிற்று.

அம்மாவின் கணக்குதான் முக்கியம். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை, கூடவே பிரஷர். சர்க்கரை டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஹெச்பிஏ1சி பார்க்கிறார். கடைசியாகப் பார்த்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது, 7.4. சிவப்பணு உடம்பில் சுமார் 120 நாள் இருக்கும், அந்த நாட்களில் அதில் படிந்த சர்க்கரையைத்தான் இந்த டெஸ்ட் அளக்கிறது. மாத்திரை மாறாமல், உடம்பில் புதிதாகத் தொந்தரவு இல்லாமல் ஐந்து வாரத்தில் மறுபடி பார்த்தால் ஏறக்குறைய அதே எண்தான் வரும். கொழுப்பும், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினும் நாலு மாதம் முன்னால் எடுத்தாயிற்று. தைராய்டு போன வருடம் நார்மல். பேக்கேஜில் இருப்பதில் அம்மாவுக்கு இப்போது எடுக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது சிபிசி ஒன்றுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பன்னிரண்டு வருடச் சர்க்கரைக்காரருக்கு வருடம் ஒரு முறை கட்டாயம் பார்க்க வேண்டிய இரண்டு அந்த 91-இல் இல்லை. ஒன்று, சிறுநீரில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம், சுருக்கமாக ஏசிஆர். பேக்கேஜில் இருக்கிற சாதாரண சிறுநீர் டெஸ்ட்டில் 'ஆல்புமின்: இல்லை' என்று வந்தாலும், சிறுநீரகத்தில் ஆல்புமின் கசியத் தொடங்குவது, சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் அந்தப் பட்டையில் தெரியாது, அது தெரிவது ஏசிஆரில்தான். 30-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. இன்னொன்று, கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்ப்பது. மருத்துவமனைப் பேக்கேஜில் 'கண் பரிசோதனை' என்று போட்டிருந்ததே என்று கவுன்டரில் கேட்டேன், "அது எழுத்துப் படிக்கச் சொல்லிப் பார்ப்பாங்க சார், டிராப்ஸ் போடுறது தனி" என்றார் அந்தப் பெண். ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி.

மருத்துவமனைப் பேக்கேஜுக்கு என்று சில நல்ல விஷயங்கள் உண்டு. இசிஜி, மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், கடைசியில் ஒரு டாக்டர் உட்கார்ந்து ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்வார். கடைசியில் சொன்னதுதான் எனக்கு மதிப்பாகப் படுகிறது. எக்ஸ்ரேயும் இசிஜியும் தொந்தரவு எதுவும் இல்லாத 43 வயதுக்காரனுக்கு வருடா வருடம் தேவையில்லை. ரத்த வகையையும் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். மூன்று வருடமாக நான் ஓ பாசிட்டிவ் என்று மூன்று ரிப்போர்ட் சொல்கிறது, நாலாவது வருடம் மாறிவிடுமா என்ன. மனைவிக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இருக்கிறது, அது அவசியமானதுதான், ஆனால் 30 வயது தாண்டிய பெண்களுக்கு அதையும் மார்பகப் பரிசோதனையையும் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகச் செய்கிறார்கள். பிரஷரும் சர்க்கரையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

இப்போது உதிரிக் கணக்கு. தெரு முனை லேபில் சிபிசி 300, ஹெச்பிஏ1சி 450, கொழுப்பு 500, கிரியாட்டினின் 150, கல்லீரலுக்கு எஸ்ஜிபிடி மட்டும் 150, தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் 250, சிறுநீர் 120, ஏசிஆர் 500. எனக்கு டிஎஸ்ஹெச்சும் ஏசிஆரும் தவிர மற்றதெல்லாம்: 1,670. மனைவிக்கு சிபிசி, ஹெச்பிஏ1சி, கொழுப்பு, கிரியாட்டினின், டிஎஸ்ஹெச்: 1,650. தைராய்டுக்கு டி3, டி4 எல்லாம் எடுக்கவில்லை, முதல் கட்டமாகப் பார்க்க டிஎஸ்ஹெச் போதும், அது தப்பாக வந்தால் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு சிபிசியும் ஏசிஆரும்: 800. மொத்தம் 4,120. "எல்லாரும் ஒரே வீடா அண்ணே, பத்து பர்சன்ட் கழிச்சுக்கறேன்" என்று லேப் தம்பியே சொன்னான், 3,708 ஆயிற்று.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நானும் மனைவியும் மட்டும் என்றால் ஆப் லேபின் 3,200 உதிரி விலையான 3,320-ஐவிடக் குறைவு, வைட்டமின் டி, பி12 எல்லாம் மேலதிகமாகக் கிடைக்கும். பத்து சதவீதம் கழித்தால்தான் உதிரி 2,988-க்கு இறங்குகிறது. சமீபத்தில் எந்த டெஸ்ட்டும் எடுக்காத இரண்டு பேருக்குப் பேக்கேஜ் மோசமில்லை. தள்ளுபடி நம்மைக் கவிழ்ப்பது இரண்டிலிருந்து நாலுக்குத் தாவும்போதுதான்: கூடுதலாக 2,400 கொடுத்து, டெஸ்ட்டே வேண்டாத ஒரு பையனையும் பாதி டெஸ்ட் எடுத்து முடித்த அம்மாவையும் சேர்க்கிறோம், அதற்கு மேல் ஏசிஆருக்குத் தனியாக 500.

உதிரியை நான் எடுத்ததற்கு இன்னொரு காரணம், அம்மாவின் பழைய ரிப்போர்ட் எல்லாம் அதே லேபில்தான். லேப் மாறினால் மெஷின் மாறும், எண் கொஞ்சம் நகரும், அது உடம்பு மாறியதா மெஷின் மாறியதா என்று தெரியாமல் டாக்டர் மறுபடி எடுக்கச் சொல்வார். போன வருடம் ஆப் லேபில் ஆறரைக்கு வருவதாகச் சொன்ன ஆள் ஒன்பதரைக்கு வந்தது வேறு கதை. வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கி அம்மாவுக்குக் கை நடுங்கிவிட்டது. அன்றைக்கு மாத்திரையைப் போடாமல் வைத்திருந்ததால் அதோடு போயிற்று.

பணம் கட்டும் முன் இரண்டு இடத்தில் பார்த்துவிடுங்கள். ஒன்று உங்கள் மருத்துவக் காப்பீடு, பல பாலிசிகளில் வருட செக்கப் இலவசமாகவே இருக்கும், யாரும் சொல்ல மாட்டார்கள். இன்னொன்று வருமான வரி: பழைய முறையில் கணக்குக் காட்டுபவர்களுக்கு மருத்துவக் காப்பீட்டுக்கான கழிவின் வரம்புக்குள் செக்கப் செலவு 5,000 ரூபாய் வரை கழியும், ரொக்கமாகக் கொடுத்திருந்தாலும் சரி, ரசீது மட்டும் வேண்டும்.

அம்மாவின் ஏசிஆர் 46 வந்தது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று இருந்தாலும் இது ஏறும், ஆகவே ஒரு முறை வந்ததை வைத்து முடிவு செய்யாமல், மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எடுக்கும் மூன்று டெஸ்ட்டில் குறைந்தது இரண்டில் கூடுதலாக வந்தால்தான் கசிவு என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டரை மாதம் கழித்து மறுபடி எடுத்தோம், 41. அதற்கடுத்த மாதம் இன்னொன்று, 44. தள்ளுபடியைக் கணக்கில் எடுக்காமல் மூன்றுக்கும் சேர்த்து 1,500 ரூபாய். கசிவு உறுதியானதால் டாக்டர் பிரஷர் மாத்திரையை மாற்றி எழுதினார்.